வீட்டு விலையும் வளையும் கோடும்

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 1990-இல் விற்ற 88 வீடுகளின் விவரம், ஜெஃப்ரி ஊல்ட்ரிட்ஜின் பாடநூல் மூலம் பொருளாதார அளவையியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. மனையின் பரப்பு, வீட்டின் சதுர அடி, படுக்கையறைகள் ஆகிய மூன்றையும் கொண்டு விலையைக் கணிக்கிறது ஒரு தொடர்புப்போக்குச் சமன்பாடு. அதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சின்ன வீடோ பங்களாவோ, கூடுதலாகச் சேரும் ஒரு சதுர அடிக்கு ஒரே விலைதான். இது உண்மையா?

சோதிக்க எளிய வழி, சதுர அடியின் வர்க்கத்தையும் சமன்பாட்டில் சேர்ப்பது. அதன் கெழு பூஜ்ஜியத்திலிருந்து தெளிவாக விலகி நின்றால், நேர்கோடு பொருந்தவில்லை. ஆனால் காரணிகள் மூன்று. எல்லா வர்க்கங்களையும், இரண்டிரண்டாகப் பெருக்கியவற்றையும் சேர்த்தால் ஆறு புதிய உறுப்புகள். மூன்றாம் படிக்கும் போனால் இன்னும் பத்து. 88 வீடுகளை வைத்துக்கொண்டு இத்தனை கெழுக்களைக் கணக்கிட்டால் எதுவும் துல்லியமாக வராது.

இதற்கு 1969-இல் ஜேம்ஸ் ராம்சே ஒரு குறுக்குவழி சொன்னார். 'ரீசெட்' சோதனை என்பது அதன் பெயர். முதலில் பழைய சமன்பாட்டைக் கொண்டே ஒவ்வொரு வீட்டுக்கும் விலையைக் கணித்துக்கொள்ள வேண்டும். கணித்த விலையில் மூன்று காரணிகளும் கலந்திருப்பதால், அதை வர்க்கப்படுத்தினால் அவற்றின் வர்க்கங்களும் பெருக்கங்களும் தாமாக உள்ளே வந்துவிடும். ஆகவே கணித்த விலையின் வர்க்கம், கனம் இரண்டை மட்டும் சேர்த்து, அவை சேர்ந்து ஏதாவது விளக்குகின்றனவா என்று எஃப் சோதனையால் பார்த்தால் போதும். பதினாறு உறுப்புகளின் வேலையை இரண்டு செய்கின்றன. எனக்குப் பிடித்த சிக்கனம் இது.

பாஸ்டன் வீடுகளுக்கு எஃப் மதிப்பு 4.67 வந்தது. நேர்கோடு சரியென்றால் இவ்வளவு பெரிய மதிப்பு வர வாய்ப்பு சுமார் 1.2 சதவீதம்தான். கோடு தேறவில்லை. விலை, மனை, சதுர அடி மூன்றுக்கும் மடக்கை எடுத்து மறுபடி சோதித்தால் எஃப் 2.56, வாய்ப்பு 8.4 சதவீதம். வழக்கமான 5 சதவீத வரம்பில் இது தேறுகிறது. 10 சதவீத வரம்பு வைப்பவரிடம் இதுவும் தோற்கும். எனவே மடக்கை வடிவம் மேலானது என்று சொல்லலாம், பழுதற்றது என்று சொல்ல முடியாது.

வடிவம் தவறென்று சொல்லும் ரீசெட், எது சரியென்று சொல்வதில்லை. மடக்கையைத் தேர்ந்தது ஆய்வாளரின் அனுபவம்; விலை மாற்றங்களைச் சதவீதத்தில் பார்ப்பது அத்துறையில் பழக்கம். விடுபட்ட காரணிகளையும் இது கண்டுபிடிக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. பக்கத்தில் நல்ல பள்ளி இருப்பது விலையை ஏற்றுகிறது, பெரிய வீடுகளே அங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கும் வீட்டளவுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருந்தால், பள்ளியின் விலையைச் சதுர அடியின் கெழு விழுங்கிக்கொள்ளும். கெழு பிழையாகவே இருக்கும், ரீசெட் எதையும் கவனிக்காமல் 'தேறியது' என்று சொல்லிவிடும்.