தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போனால் போதுமா?

மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துச் சொல்ல முடியாது. நோயாளியிடம் பேசி, அவர் சொல்வதை எடைபோட்டு மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் முடிவு மாறாமல் இருக்க, கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் முன்கூட்டியே எழுதிவைத்த நேர்காணல் முறைகள் வந்தன. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்சரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘ஸ்கிட்’ இவற்றில் பெயர்பெற்றது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்தாவது இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். வாடிய மனமோ ஆர்வமின்மையோ அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மனச்சோர்வுக்கான விதி.

கேள்வி ஒன்றாகவே இருந்தாலும் பதிலை எடைபோடுவது மனிதர்தான். “ராத்திரி சரியாத் தூக்கம் வர்றதில்ல. வேலை நெருக்கடி வேற” என்று நோயாளி சொன்னால் ஒரு மருத்துவர் அதை அறிகுறியாகக் குறித்துக்கொள்வார், இன்னொருவர் விட்டுவிடுவார். அந்த ஒன்றால் நான்கு ஐந்தாகி, நோயின் பெயரே மாறிவிடலாம். அதனால்தான் ஒரே நோயாளிகளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பற்றி இருவரும் ஒரே முடிவைச் சொன்னால் நல்ல தேர்ச்சிதானே என்று தோன்றும். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சில முடிவுகள் பொருந்தத்தான் செய்யும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்க ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் தந்த அளவுதான் ‘கப்பா’. முழு உடன்பாடு என்றால் 1. தற்செயலுக்கு மேல் எதுவுமில்லை என்றால் 0.

கப்பா = (கண்ட உடன்பாடு − தற்செயல் உடன்பாடு) ÷ (1 − தற்செயல் உடன்பாடு)

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனநல மருத்துவமனைக்கு வந்த 100 பேரில் 45 பேருக்கு மனச்சோர்வு உண்டு என்றும், 45 பேருக்கு இல்லை என்றும் இருவரும் சொல்கிறார்கள். மீதிப் பத்துப் பேரில் ஐந்து பேருக்கு முதல்வர் மட்டும் ‘உண்டு’ என்கிறார். ஐந்து பேருக்கு இரண்டாமவர் மட்டும். ஆக ஒவ்வொருவரும் பாதிப் பேருக்கு ‘உண்டு’ சொல்லியிருக்கிறார்கள். இப்படிப் பாதிக்குப் பாதி சொல்பவர்கள் தற்செயலாகவே 0.50 அளவுக்கு ஒத்துப்போவார்கள். 0.90இலிருந்து 0.50ஐக் கழித்து, வரும் 0.40ஐ 0.50ஆல் வகுத்தால் கப்பா 0.80.

இப்போது அதே மருத்துவர்கள் ஒரு கிராமத்துக்குப் போய், பொதுமக்களில் 100 பேரைப் பார்க்கிறார்கள். இருவரும் ‘உண்டு’ என்றது 5 பேருக்கு. ‘இல்லை’ என்றது 85 பேருக்கு. மாறுபட்டது பழையபடி ஐந்தும் ஐந்தும். உடன்பாடு இங்கும் 90 சதவீதம்தான். ஆனால் இருவருமே 90 பேருக்கு ‘இல்லை’ சொல்லியிருப்பதால் தற்செயல் உடன்பாடு 0.82 ஆகிவிடுகிறது. கழிக்க மிஞ்சுவது 0.08, அதை 0.18ஆல் வகுத்தால் கப்பா 0.44.

மருத்துவர்கள் மாறவில்லை, தவறும் கூடவில்லை. நோய் அரிதானதும் கப்பா சரிந்துவிட்டது. 1977இல் லாண்டிஸும் காக்கும் வகுத்த பட்டியல்படி 0.80 ‘கணிசமானது’, 0.44 ‘நடுத்தரம்’. அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் படிப்பவர், கிராமத்தில் மருத்துவர்கள் அசிரத்தையாக இருந்தார்கள் என்று நினைத்துவிடுவார்.

இதற்கு நேர்மாறாக, கப்பா பொய்யாக உயர்வதும் உண்டு. பல ஆய்வுகளில் ஒருவர் நேர்காண்பார். மற்றவர் அதன் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடுவார். ஸ்கிட்டில், வாடிய மனமும் ஆர்வமின்மையும் இல்லை என்று பட்டால் நேர்காண்பவர் மற்ற அறிகுறிகளைக் கேட்காமல் அடுத்த பகுதிக்குத் தாவிவிடுவார். பதிவைக் கேட்பவருக்கு அந்தத் தாவலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். இருவர் காதிலும் விழுவது ஒரே பதில் என்பதால், நோயாளி ஆளுக்கொரு விதமாகச் சொல்வதும் கணக்கில் வராது.

இரண்டு மருத்துவர்களும் வேறு வேறு வேளையில் தாங்களே நேர்காண்பது கடினமான சோதனை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் டி.எஸ்.எம்-5 என்ற நோய் வரையறை நூலுக்காக நடத்திய களச்சோதனைகளின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. மருத்துவர்கள் ஸ்கிட் போன்ற கட்டமைப்பு இல்லாமல், வழக்கமான முறையில் தனித்தனியே நேர்கண்டார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்க்குக் கப்பா 0.67 வந்தது. மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் பெரும் மனச்சோர்வுக்கோ 0.28தான்.

ஆகவே கப்பாவை மட்டும் தந்தால் போதாது. ‘இருவரும் உண்டு’, ‘இருவரும் இல்லை’, ‘முதல்வர் மட்டும்’, ‘இரண்டாமவர் மட்டும்’ என்ற நான்கு எண்ணிக்கைகளையும் ஆய்வு தர வேண்டும். மாறுபாடு ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்திருந்தால் கேள்வியோ விதியோ தெளிவாக இல்லை என்று சந்தேகிக்கலாம். பத்தும் ஒரே பக்கம் விழுந்தால் ஒருவர் சிறு அறிகுறியையும் நோயாக எண்ணுகிறார். எந்த அளவுக்கு மேல் போனால் அறிகுறி என்று இருவரையும் உட்காரவைத்துப் பயிற்சி தந்தால் அது சரியாகும்.