கைநாட்டுக்கு ஏன் இரண்டு சாட்சிகள்?

கையெழுத்துப் போட முடியாத ஒருவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து எப்படிப் பணம் எடுக்கிறார்? "பெருவிரல் ரேகை வைப்பார்" என்று உடனே சொல்லிவிடலாம். அந்த ரேகைக்குப் பக்கத்தில் இன்னும் இருவர் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படிக்கும் எனக்கு இதற்கான விடை பாடநூலில் கிடைக்கவில்லை, என் அப்பாயியின் கணக்கில்தான் கிடைத்தது.

அப்பாயிக்கு 78 வயது. மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அங்குள்ள ஒரு வங்கிக் கிளையில் அவர் பெயரில் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து அப்பா மாதந்தோறும் அனுப்பும் பணம் அதில்தான் போய்ச் சேரும்.

முகப்பில் நடப்பது என்ன?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அவருடன் ஒருநாள் வங்கிக்குச் சென்றேன். அவருடைய பாஸ்புக்கில் அவரது புகைப்படம் ஒட்டப்பட்டு, அதன் மேல் வங்கியின் முத்திரை குத்தப்பட்டிருந்தது. பணம் எடுக்கும் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார்கள்.

அப்பாயி படிவத்துடன் அதிகாரியின் மேசைக்குப் போனார். அதிகாரி முதலில் படத்தையும் பிறகு முகத்தையும் பார்த்தார். "பாட்டி, எவ்வளவு எடுக்குறீங்க?" என்று கேட்டார். அப்பாயி சொன்ன தொகையும் படிவத்தில் இருந்த தொகையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மை தோய்ந்த பேடை அவர் பக்கம் நகர்த்தினார்.

ரேகை வைத்ததும், அது யாருடையது, எந்தக் கையின் பெருவிரல் என்று பக்கத்தில் எழுதினார். பெண்களுக்கு வலது கை, ஆண்களுக்கு இடது கை என்பது அங்கே பரவலான வழக்கம். அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் போட்டார். காசாளர் பணத்தை என்னிடம் நீட்டவில்லை, அப்பாயியின் கையில்தான் கொடுத்தார்.

ரேகையைக் கண்ணால் ஒப்பிட முடியாது

கையெழுத்து என்றால் வங்கியிடம் ஒரு மாதிரி இருக்கும். படிவத்தில் உள்ளதை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க, பழகிய ஊழியருக்குச் சில நொடிகள் போதும். ரேகை அப்படியல்ல. உலகில் வேறு யாருக்கும் இல்லாத அடையாளம் அது என்றாலும், இரண்டு ரேகைகள் ஒருவருடையவைதானா என்று சொல்ல உருப்பெருக்கியும் பயிற்சியும் வேண்டும். முகப்பில் இருப்பவருக்கு எல்லா ரேகையும் நீலநிற வட்டம்தான்.

ஆகவே கைநாட்டுக் கணக்கில், 'ரேகை சரியா?' என்று வங்கி பார்ப்பதில்லை. 'இந்த ரேகையை வைத்தவர் யார் என்று நேரில் பார்த்தவர் யார்?' என்றே கேட்கிறது. அந்தக் கேள்விக்கான பதில்தான் சாட்சிக் கையெழுத்து. பின்னாளில் வழக்கு வந்தால் ரேகையை நிபுணர் ஆராயலாம். ஆனால் பணம் கைமாறும் அந்த நேரத்தில் காவலாக இருப்பவர் சாட்சிதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளும் தாமாகவே விளங்கிவிடும். கைநாட்டுக் கணக்குக்குப் பொதுவாகக் காசோலைப் புத்தகம் தரமாட்டார்கள். காசோலை வேறொருவர் கைக்குப் போய், வேறெங்கோ சுற்றி வரும். அதில் ரேகை வைத்ததை வங்கியில் யாரும் பார்த்திருக்க முடியாது. பணம் எடுக்கக் கணக்குதாரரே நேரில் வர வேண்டும் என்பதும், பாஸ்புக்கில் படம் வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

ரேகையைப் பணத்துக்குக் காவலாக வைக்கும் எண்ணம் இந்தியாவில் பழையது. வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1877இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடம் விரல் ரேகை வாங்கத் தொடங்கினார். இறந்துபோனவரின் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிச் செல்வதைத் தடுப்பதே அவர் நோக்கம்.

கணக்குதாரர் வர முடியாவிட்டால்?

சென்ற டிசம்பரில் அப்பாயி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுக்கையில் இருந்தார். மருந்துக்கும், பார்த்துக்கொள்ள வந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் தேவைப்பட்டது. கணக்கில் பணம் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை. சித்தப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ரேகை வாங்கி வந்தால் செல்லாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

நோயுற்றவர்களுக்காக இந்திய ரிசர்வ் வங்கி வகுத்துள்ள நடைமுறை தெளிவானது. கிளைக்கு வர முடியாத ஒருவரின் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த, சார்பில்லாத இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே சென்று அடிப்படைச் சேவை தர வங்கிகள் முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் வெளியான சுற்றறிக்கை ஒன்றும் இருக்கிறது. சித்தப்பா எழுத்து மூலம் கேட்டார். இரண்டு நாள் கழித்து, மாலையில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

இரண்டாவது சாட்சி யார் என்பதில் சிறு வாக்குவாதம் எழுந்தது. "நான்தான் மகன், நான் போடுறேனே" என்றார் சித்தப்பா. அதிகாரி ஒப்பவில்லை. "பணத்தை வாங்கப்போறது நீங்க. அதுக்கு நீங்களே சாட்சியா இருக்க முடியாதுங்க" என்றார். 'சார்பில்லாத' என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி. அந்தப் பணத்தால் அவருக்கு ஆதாயம் உண்டா என்பதே கேள்வி. கடைசியில் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை அழைத்து வந்தோம். அவருக்கும் அதே கிளையில் கணக்கு உண்டு. 'வங்கிக்குத் தெரிந்தவர்' என்றால் இதுதான். நாளை ஏதாவது கேள்வி எழுந்தால் வங்கி அவரைத் தேடிப் பிடிக்க முடியும்.

சித்தப்பா ஏற்கெனவே 20,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதிகாரி அவரைக் கேட்காமல் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாட்டி, எவ்வளவு எடுக்கணும்? யாருகிட்ட கொடுக்கணும்?"

அப்பாயி சற்று யோசித்தார். "பதினஞ்சு போதும் தம்பி. சின்னவன்கிட்டயே குடுங்க. மிச்சம் இருக்கட்டும்" என்றார்.

சித்தப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் படிவத்தில் 15,000 என்றுதான் எழுதப்பட்டது, எண்ணிலும் எழுத்திலும். எழுதியதை அதிகாரி உரக்க வாசித்துக் காட்டினார். அதன் பிறகே ரேகை. விரலை ஈரத்துணியால் துடைத்து உலர வைத்து, மையை மெல்லத் தொட்டு, ஒரே முறை அழுத்தி எடுத்தார்கள். முதல் ரேகையில் மை அதிகமாகி வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதன் மேலேயே மறுபடி வைக்காமல், பக்கத்தில் இன்னொன்று வாங்கினார்கள். ஆசிரியரும் அதிகாரியும் பெயர், முகவரியுடன் கையெழுத்திட்டார்கள். மறுநாள் கிளையில் சித்தப்பாவையும் இருவர் அடையாளம் காட்டினார்கள். பணத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அவர் தம் கையெழுத்தைப் போட்டார்.

விரலே வைக்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது. கால் விரல் ரேகையை வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் படிவத்தில் ஒரு குறி போதும். வேறொருவர் அந்தக் குறியை இடுவதாக இருந்தால், அதற்குப் பயன்படும் பேனா போன்ற கருவியைக் கணக்குதாரர் தொட்டிருக்க வேண்டும். அவருக்கும் அந்தக் குறிக்கும் உடல்வழித் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. இங்கும் அதே இரண்டு சாட்சிகள்தான்.

எங்கே தவறு நடக்கிறது?

வெற்றுப் படிவத்தில் ரேகை வாங்குவதுதான் மிகவும் ஆபத்தானது. தொகையைப் பிறகு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ரேகையின் வரிகள் எழுத்தின் மேல் படியாமல் தனியே ஓர் ஓரத்தில் இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் தொகையும் சாட்சிகளின் பெயரும் வெவ்வேறு மையில், வெவ்வேறு நேரத்தில் எழுதியதுபோல் தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்தது, பார்க்காத சாட்சி. எங்கள் ஊர்க் கிளையின் வாசலில், சிறு தொகை வாங்கிக்கொண்டு யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் தயாராக நின்றதைப் பார்த்தேன். ரேகை வைத்தவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட கையெழுத்து கணக்குதாரரைக் காப்பதில்லை. மோசடிக்கு முறையான தோற்றத்தைத்தான் தருகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. சாட்சி சொல்வது, 'இவர் புரிந்துகொண்டு ரேகை வைத்தார்' என்பதை. நினைவு தவறியவரின் விரலைப் பிடித்து அழுத்தி எடுத்தால் ரேகை தெளிவாகவே விழும். ஆனால் அதில் அவருடைய விருப்பம் இருக்காது. அந்த நிலையில் எத்தனை சாட்சிகள் இருந்தாலும் போதாது. அவர் சார்பில் செயல்படச் சட்டப்படி அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டும்.

நமக்கும் இது வரும்

சிங்கப்பூரிலும், எழுதத் தெரியாதவர் இடும் குறியைக் கையெழுத்தாகவே சட்டம் கொள்கிறது. நம்மில் பலர் முதன்முதலாகச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது தாத்தா பாட்டியின் மத்திய சேம நிதி நியமனப் படிவத்தில் இருக்கலாம். அதற்கும் 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெற நியமிக்கப்பட்டவர் அங்கே சாட்சியாக முடியாது. எங்கள் சித்தப்பாவை அதிகாரி தடுத்தாரே, அதே காரணம்தான்.

யாராவது "இங்கே ஒரு கையெழுத்துப் போடு தம்பி" என்று படிவத்தை நீட்டினால் மூன்றைப் பாருங்கள். தொகை அல்லது விவரம் முன்பே எழுதப்பட்டிருக்கிறதா? உரியவர் அதைத் தம் வாயால் சொன்னாரா? அவர் ரேகை வைத்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கையெழுத்திடலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், கேட்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், பேனாவை மூடிவிடுங்கள்.