எப்போது காட்டுவது, எப்போது பராக்குக் காட்டுவது

குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்து சேரும் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கை ஓரளவு பழகியிருக்கும். சொத்தையைச் சுரண்டத் தெரியும், அடைக்கத் தெரியும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாது. அவர்களுக்கு நாங்கள் முதலில் கற்றுத்தருவது இரண்டு வழிகள். ஒன்று, சொல்–காட்டு–செய். 1959-இல் ஹெரால்ட் அடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதி வைத்த முறை; இன்றுவரை உலகமெங்கும் முதல் பாடம் இதுதான். இன்னொன்றுக்கு நம் வீடுகளிலேயே பெயர் இருக்கிறது: பராக்குக் காட்டுவது. நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற அதே வித்தை.

இரண்டையும் பரீட்சையில் எழுதச் சொன்னால் எல்லா மாணவரும் எழுதிவிடுவார்கள். நாற்காலி ஓரத்தில் நிற்கும்போதுதான் குழப்பம். ஏனென்றால் இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்பவை. சொல்–காட்டு–செய், குழந்தையின் கவனத்தைக் கருவியின் மேல் இழுத்துக்கொண்டு வருகிறது. பராக்கு, கவனத்தைக் கருவியிலிருந்து கிளப்பி வேறெங்கோ கொண்டுபோகிறது. எந்த நொடியில் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது.

ஒரு சிறுமியின் கதையாகவே சொல்கிறேன். ஐந்து வயது. இடது பக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பால் கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை. இரவில் வலி என்று அம்மா கூட்டிவந்தார். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் அழவும் இல்லை. 1962-இல் ஃபிராங்கல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. முழு மறுப்பு 1, அரை மறுப்பு 2, தயக்கத்தோடு இசைவு 3, மகிழ்ச்சியான இசைவு 4. ஒவ்வொரு வருகையிலும் கேஸ் ஷீட்டில் இந்த எண்ணைக் குறிக்க வேண்டும். மாணவி 2 என்று குறித்தாள்.

முதல் நாள் அந்தப் பல்லைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தேன். வலிக்கு மருந்து எழுதினோம். வீக்கமோ காய்ச்சலோ இருந்திருந்தால் இப்படி ஒத்திப்போட முடியாது. இல்லை என்பதால் முடிந்தது. அன்றைய வேலை, ஒரு சின்ன ரப்பர் கப்பால் பல்லைத் துலக்கிவிடுவது மட்டுமே.

"இதுதான் அக்காவோட பிரஷ். குர்ருன்னு சத்தம் போடும். கூசுற மாதிரி இருக்கும்" என்றாள் மாணவி. இது சொல்லுதல். என்ன கேட்கும், எப்படி உணரும் என்ற இரண்டும் அதில் இருந்தன. பல மாணவர்கள் கருவியின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திவிடுவார்கள். பயம் பெயரில் இல்லை, சத்தத்திலும் அதிர்விலும் இருக்கிறது. பிறகு கப்பைத் தன் நகத்தின்மேல் சுழலவிட்டாள். அடுத்து, கேட்டு அனுமதி வாங்கி, சிறுமியின் கட்டைவிரல் நகத்தில். இது காட்டுதல். அதே மூச்சில், "இப்ப முன்பல்லுல. அஞ்சு எண்ணுவேன், நிறுத்திடுவேன்" என்றாள். இது செய்தல்.

காட்டியதற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. கையுறை தேடுவது, பேராசிரியரைக் கூப்பிடுவது எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் குழந்தையின் மனம் ரப்பர் கப்பை என்னவாகவும் மாற்றிவிடும். அதைவிட முக்கியம், ஐந்து என்றால் ஐந்தில் நிறுத்துவது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று ஏழு, எட்டு வரை போகிற மாணவரை நான் கையைத் தட்டி நிறுத்துவேன். "கையைத் தூக்கினா நிறுத்துவேன்" என்ற வாக்கும் அப்படித்தான். குழந்தை முதல்முறை கையைத் தூக்குவது பெரும்பாலும் வலித்ததால் அல்ல, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க. அப்போது நிறுத்தாதவரை அது பிறகு நம்பாது.

சொல்லும் சொல்லையும் மாணவர்கள் வயதுக்கேற்பத் தேடிவைத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்ரேவுக்குப் போட்டோ, எச்சிலை உறிஞ்சும் குழாய்க்கு ஸ்ட்ரா, பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேமுக்கு ரெயின்கோட். மரத்துப்போகும் மருந்தை, "பல்லைத் தூங்க வைக்கிற மருந்து" என்பது வழக்கம். இதில் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்வேன். நம் வீடுகளில் இறந்துபோன தாத்தாவை, "தூங்கிட்டாரு" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அண்மையில் வீட்டில் துக்கம் நடந்ததா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால், "உதடு குண்டாகிற மாதிரி இருக்கும்" என்று சொன்னாலே போதும்.

ஒரு வாரம் கழித்துச் சிறுமி வந்தாள். இன்று ஊசி. இங்கேதான் சொல்–காட்டு–செய் வாசலோடு நின்றுவிட வேண்டும். மரபுப்பசையைக் காட்டலாம், பஞ்சைக் காட்டலாம், ஊசியைக் கண்முன் நீட்டிக் காட்டுவதில் பயனில்லை. நகத்தில் செய்துகாட்ட முடியாத கருவி அது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு பையனிடம் சிரிஞ்சைக் காட்டி, "ஒண்ணுமே வலிக்காது" என்று சொல்லிக் குத்தினேன். வலித்தது. அடுத்த மூன்று வருகையிலும் அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. காட்டாதே என்றால் பொய் சொல் என்று அர்த்தமில்லை. "ஊசியா?" என்று குழந்தை நேராகக் கேட்டால், "ஆமா கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பதுதான் பதில்.

மாணவி ஈறைப் பஞ்சால் துடைத்து உலரவைத்தாள். பசையில் துளிதான் எடுத்தாள். அதிகம் எடுத்தால் நாக்கில் வழியும். கசப்பில் குழந்தை துப்பும், அதோடு நல்லுறவும் போகும். வைத்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பத்து நொடியில் குத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அந்தக் காத்திருப்பில்தான் பராக்கு தொடங்கியாக வேண்டும். ஊசி உள்ளே போகும் கணத்தில், "அங்க பாரு காக்கா" என்றால், எதையோ மறைக்கிறார்கள் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். மாணவி அவள் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். கேள்வியை விரலால் பதில் சொல்கிற மாதிரி கேட்டாள்: "எத்தனை குட்டி போட்டுச்சு? விரல்ல காட்டு." வாயைத் திறந்துவைத்திருக்கும் பிள்ளையிடம், "பூனை பேரு என்ன?" என்று கேட்டால் அது பதில் சொல்ல வாயை மூடும், ஊசி இருக்கும்போதே. பிறகு, "இடது கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டு பாப்போம். இப்ப வலது" என்றாள். கேட்பதற்குச் சுலபம், செய்வதற்கு யோசிக்க வேண்டும். அதனால்தான் அது வேலை செய்கிறது. சும்மா பார்க்கிற கார்ட்டூனைவிட, செய்யச் சொல்கிற பராக்கு பெரும்பாலும் நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது என்பது என் அனுபவம். கார்ட்டூன் போடுவதானாலும் காதை முழுக்க அடைக்கும் ஹெட்போன் வேண்டாம். உங்கள் குரல் குழந்தைக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே நேரம் மாணவியின் இடது கை அவள் கன்னத்தை உள்ளும் புறமும் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. முட்டியை இடித்துக்கொண்டால் தேய்த்துவிடுகிறோமே, அதே காரணம்தான். அசைவும் தொடுதலும் தரும் உணர்வு வலியின் செய்தியைத் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்பதை மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965-இல் 'கதவு' கோட்பாடாக விளக்கினார்கள். மருந்தை நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்துக்கு மேல் செலுத்தவில்லை. குத்துவதைவிட, வேகமாகத் திணிக்கப்படும் மருந்தின் அழுத்தம்தான் அதிகம் வலிக்கும். சிறுமியின் புருவம் ஒருமுறை நெரிந்தது; கால் விரல் ஆடிக்கொண்டே இருந்தது.

ஊசி வெளியே வந்ததும் பராக்கை நிறுத்திவிட்டு மறுபடி சொல்–காட்டு–செய்க்குத் திரும்பினோம். ஏர்ரோட்டரை வாய்க்கு வெளியே சுழலவிட்டு, தண்ணீர் தெறிப்பதை அவள் உள்ளங்கையில் காட்டினாள். பழகிய பிறகு பல்லைக் குடையும் நீண்ட நேரத்துக்கு மீண்டும் பூனைக்குட்டிகள்.

குடையும்போது குழந்தையின் முகத்தைவிடக் கையைப் பார்க்கச் சொல்வேன். நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்க இறுக்குவது, தோள் காதை நோக்கி ஏறுவது, மூச்சை அடக்குவது, இவை அழுகைக்கு முன்னால் வரும். அழுகையிலும் வகை உண்டு. இயந்திரச் சத்தத்தோடு சேர்ந்து ஒரே சுருதியில், "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும், கண்ணீர் இருக்காது. அது அந்தச் சத்தத்தை மூடிக்கொள்ளக் குழந்தையே கண்டுபிடித்த பராக்கு. அதை அடக்காதீர்கள். ஆனால் சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்து, மூச்சு நின்று நின்று வந்தால் அது வலி. மருந்து பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே பூனையும் கூடாது, கார்ட்டூனும் கூடாது. கருவியை வெளியே எடுத்து, இரண்டு பக்க உதட்டையும் தொட்டுப் பார்த்து, தேவையானால் மீண்டும் மரக்கச் செய்ய வேண்டும். வலியைப் பராக்கால் மூடப் பார்ப்பது இந்த முறைக்குச் செய்கிற துரோகம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதாது. மூன்று வயதுக்குக் கீழே சொல்வதைப் பின்தொடரும் மொழி இன்னும் வளர்ந்திருக்காது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடப் படவரிசையும் மாறாத நடைமுறையும் உதவும், பலமுறை வரவேண்டியிருக்கும். முயன்றும் எண் 1-லேயே நிற்கிற பிள்ளைக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவோ முழு மயக்கமோ தேவைப்படலாம். அதை மூத்தவரிடம் ஒப்படைப்பதில் மாணவருக்கு எந்தக் குறைவும் இல்லை.

அன்று கேஸ் ஷீட்டில் 3 என்று எழுதினாள் மாணவி. அம்மாவிடம், உணர்வு திரும்ப இரண்டு மூன்று மணி நேரமாகும், அதுவரை உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் சேட்டை செய்கிற பிள்ளையிடம், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று சொல்லாதீர்கள். கிளம்பும்போது, "ஊசி எல்லாம் போட மாட்டாங்க" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். "பல்லைப் பார்க்கப் போறோம், அக்கா எல்லாம் சொல்லிட்டுத்தான் செய்வாங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவாருங்கள்.