டிஸ்க் ஏன் நிரம்பியது?

ஓர் இணையக் கடை காலை 10.05 முதல் 12.05 வரை முடங்கியது என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் இருந்த 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. மாலையில் நிர்வாகத்துக்கு விளக்க மின்னஞ்சல் போகவேண்டும். அதைப் பெரும்பாலும் சர்வர் பெயரிலும் பிழைச் செய்தியிலும் தொடங்கிவிடுகிறார்கள். மேலாளர் முதலில் தேடுவது வாடிக்கையாளரின் பணம் என்ன ஆயிற்று என்பதைத்தான். ஆகவே இப்படித் தொடங்கலாம்:

“இன்று காலை இரண்டு மணி நேரம் யாராலும் ஆர்டர் செய்ய முடியவில்லை. அதற்கு முன் பதிவான ஆர்டர்கள் பத்திரமாக உள்ளன. 10.05-ஐ ஒட்டிப் பணம் கட்டியும் ஆர்டர் பதிவாகாதவர்கள் இருக்கலாம். பேமென்ட் நிறுவனத்தின் கணக்கோடு ஒப்பிட்டு, நாளை மதியத்துக்குள் எண்ணிக்கை தருகிறோம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவாகி முடிந்ததை டேட்டாபேஸ் மீட்டுக்கொள்ளும். வங்கியில் பிடித்தம் ஆகி, இங்கே வந்து சேராத பணம் அதற்குத் தெரியாது. ‘டேட்டா எதுவும் போகவில்லை’ என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான்.

அடுத்து, காரணம். ‘டிஸ்க் நிறைந்தது’ என்பது நடந்த சம்பவம். ஏன் நிறைந்தது என்பதே காரணம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் `pg_wal` என்ற இடத்தில் 16 எம்பி கோப்புகளாக எழுதும். வேலை முடிந்த பழைய கோப்புகளைக் கழித்துவிடும். ஆனால் நகல் சர்வர் ஒன்றுக்காக ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ போட்டிருந்தால், அது படித்து முடிக்கும்வரை கோப்புகளைக் காத்து வைத்திருக்கும். இந்தக் கடையில் ரிப்போர்ட் எடுக்கும் நகல் சர்வரை ஒன்பது நாள் முன்பு நீக்கியவர்கள் ஸ்லாட்டை நீக்கவில்லை. நாளுக்கு 40 ஜிபி வீதம் சேர்ந்து, ஏற்கெனவே இருந்த 140 ஜிபியோடு டிஸ்க் நிறைந்தது.

80 சதவீதம் ஆனபோதே, அதாவது இரண்டரை நாள் முன்பே, எச்சரிக்கை போயிருக்கிறது. போனது யாரும் திறந்து பார்க்காத பொது அஞ்சல்பெட்டிக்கு. மின்னஞ்சலில் அழுத்தமாக வரவேண்டிய வரி இதுதான். தனி ஆளின் பெயர் அங்கே வேண்டாம்.

ஏன் இரண்டு மணி நேரம் என்பதையும் சொல்லவேண்டும். முதல் 35 நிமிடம் நெட்வொர்க்கைச் சந்தேகித்துக் கழிந்தது. பிறகு `pg_wal` கோப்புகளைக் கையால் அழித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அழித்திருந்தால் டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்காமலே போகக்கூடும். டிஸ்க்கைப் பெரிதாக்கி, டேட்டாபேஸை இயக்கி, ஸ்லாட்டை நீக்கி, ஆர்டர்களைச் சரிபார்த்த பிறகே கடையைத் திறந்தார்கள்.

இனி எச்சரிக்கை பணியில் இருப்பவரின் கைபேசிக்கு அழைப்பாகவே போகும். `max_slot_wal_keep_size` என்ற வரம்பு 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. நாமாக வைக்காவிட்டால் வரம்பே இல்லை. 150 ஜிபி என்று வைத்தால், நகல் சர்வர் ஏறக்குறைய நான்கு நாள் பின்தங்கினால் அதைப் புதிதாக உருவாக்க நேரும். அதுவரை ரிப்போர்ட் கிடைக்காது. கடை நிற்காமலிருக்க இந்த விலைக்குச் சம்மதமா என்று நிர்வாகத்திடம் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடவேண்டும்.