ஏற்றுவதற்கு முன் சுருக்குங்கள்

ஒரு புடவைக் கடைக்காரர் 1 ஜிபி இடம் வாங்கி, வேர்ட்பிரஸில் இணையதளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றுகிறார். ஒரு படம் 4 எம்பி என்றால் 150 படத்துக்கு 600 எம்பிதான் ஆகும் என்பது அவர் கணக்கு. ஆனால் அதற்குள்ளாகவே இடம் நிரம்பிவிடும்.

காரணம், வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஒரு கோப்பாக வைத்துக்கொள்வதில்லை. 2560 பிக்சலில் தொடங்கி 150 பிக்சல் வரை ஏழெட்டு அளவுகளில் நகல் எடுத்துவைக்கிறது. மூலப் படத்தையும் அழிப்பதில்லை. எல்லாம் சேர்ந்தால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 6 எம்பி போய்விடும். பக்கத்தில் சின்னதாகத் தெரியும்படி அமைத்தாலும் சர்வரில் இருக்கும் கோப்பு இளைக்காது.

அதனால் ஏற்றுவதற்கு முன்பே சுருக்கிவிட வேண்டும். 4000 x 3000 படத்தில் 1.2 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. அகலத்தை 1600 ஆக்கினால் 19 லட்சம்தான் மிஞ்சும். பெரிய லாபம் இதில்தான். அதன்பிறகு ஜேபெக்கிலிருந்து வெப்பிக்கு மாற்றினால் இன்னும் கால்வாசியாவது குறையும். வேர்ட்பிரஸ் 2021-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே வெப்பியை ஏற்றுக்கொள்கிறது.

நாலைந்து படம் என்றால் squoosh.app தளம் போதும். படம் உங்கள் பிரௌசரிலேயே சுருங்கும், வேறெங்கும் போகாது. நிறைய இருந்தால் கூகுளின் இலவசக் கருவியான cwebp வசதி:

```
cwebp -resize 1600 0 -q 80 pudavai.jpg -o pudavai.webp
```

80 என்பது தரம். உயரத்துக்கு 0 கொடுத்தால் அகலத்துக்கு ஏற்ப அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

வந்த படத்தை முழு அளவில் திறந்து, சிவப்புப் புடவையின் ஜரிகை ஓரத்தைப் பாருங்கள். இந்த முறையில் வெப்பி வெளிச்சத்தை முழுதாகவும் நிறத்தைப் பாதி நுணுக்கத்திலும் சேமிப்பதால், அடர்சிவப்பு ஓரங்கள் கசிந்தாற்போல் தெரியலாம். அப்போது கட்டளையில் `-sharp_yuv` சேர்த்துப் பாருங்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் சாய்ந்து வந்தாலும் திகைக்க வேண்டாம். பல கைப்பேசிகள் படத்தைத் திருப்பாமல், 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கின்றன. Cwebp அந்தக் குறிப்பை விட்டுவிடுகிறது. அத்தகைய படத்தை ஓர் எடிட்டரில் நிஜமாகவே திருப்பிச் சேமித்துவிட்டு மாற்றுங்கள்.

ஏற்கெனவே ஏற்றிய படங்களுக்கு, தானாக வெப்பியாக்கும் பிளகினை நம்பி இறங்காதீர்கள். அவற்றில் பல பழைய ஜேபெக்கையும் விட்டுவைப்பதால் இடம் இன்னும் குறையும். புதுப்படத்தை ஏற்றி, பக்கத்தில் மாற்றிவைத்து, பிறகு பழையதை மீடியா லைப்ரரியிலிருந்து நீக்குங்கள். அதன் சிறு நகல்களும் கூடவே போய்விடும். வரிசை மாறினால் பக்கத்தில் படம் இருந்த இடம் காலியாகத் தெரியும்.

நீக்கும் முன் மூலப் படங்களை வீட்டுக் கணினியில் பத்திரப்படுத்துங்கள். சுருக்கிய படத்திலிருந்து பழைய தெளிவை மீட்க வழியில்லை.