கட்டம் இருக்கிறது, கடவுச்சொல் வரவில்லை

மதுரையில் ஒரு கல்லூரி ஆசிரியை. கடவுச்சொற்களையெல்லாம் பாஸ்வேர்டு மேனேஜரில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். பஸ் டிக்கெட் போடும் ஆப் ஒன்றைத் திறந்து பயனர் பெயர் கட்டத்தைத் தொட்டால், கீபோர்டு மட்டும் எழும்பி நிற்கிறது. பரிந்துரை எதுவும் வரவில்லை.

முதல் காரணம் சாதாரணமானது. ஆண்ட்ராய்டு போனில் கட்டங்களை நிரப்பும் பொறுப்பு ஒரு நேரத்தில் ஒரே ஆப்புக்குத்தான். புதிய மேனேஜரை இறக்கியதாலேயே அந்தப் பொறுப்பு அதற்குக் கைமாறிவிடாது. பெரும்பாலும் கூகுளிடமே இருக்கும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் Autofill என்று தட்டினால் அந்தப் பக்கம் வந்துவிடும். சில போன்களில் அது Passwords & accounts என்ற தலைப்பின் கீழ் இருக்கும்; சாம்சங்கில் General management உள்ளே. ஆசிரியை அங்கே தன் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தார். மற்ற ஆப்களில் பரிந்துரை வர ஆரம்பித்தது. பஸ் ஆப்பில் மட்டும் பழைய கதைதான்.

இனி ஒரு சின்னச் சோதனை. கட்டத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் Paste என்று வரும் பட்டியலில், சில சமயம் மூன்று புள்ளிகளுக்குள், Autofill என்ற சொல்லும் இருக்கும். அதைத் தொடுவது, "இந்தக் கட்டத்தை நிரப்பு" என்று போனுக்கு நேரடியாகச் சொல்வது மாதிரி. சில ஆப்களை எழுதுபவர்கள் தங்கள் கட்டங்களை நிரப்ப வேண்டாம் என்று குறித்துவிடுகிறார்கள். ஆனால் பயனர் தானாகக் கேட்கும்போது ஆண்ட்ராய்டு அந்தக் குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாக் கட்டங்களையும் மேனேஜரிடம் காட்டிவிடுகிறது. இந்த வசதி பலருக்குத் தெரியாது.

ஆசிரியைக்கு இப்போது மேனேஜர் எட்டிப் பார்த்தது. ஆனால் பொருத்தமான கணக்கு இல்லை என்று கைவிரித்தது. கணக்கு உள்ளே இருக்கிறது, கம்ப்யூட்டரில் அவரே சேமித்தது. சிக்கல் முகவரியில். கம்ப்யூட்டரில் சேமித்தபோது கூடவே பதிவானது வலைத்தள முகவரி. போனிலுள்ள ஆப்புக்கோ அந்த முகவரி கிடையாது; தொகுப்புப் பெயர் என்று ஒன்றுதான் உண்டு. விக்கிப்பீடியா ஆப்புக்கு அது `org.wikipedia`. பிளே ஸ்டோர் இணைப்பில் `id=` என்பதற்குப் பின்னால் வருவதும் இதுதான். பெயர் ஒத்துப்போகிறதே என்று மேனேஜர் நிரப்பிவிட முடியாது. தொகுப்புப் பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரில் போலி ஆப் கட்டுபவர் அதைத்தானே செய்வார்?

தீர்வு எளிது. மேனேஜர் காட்டும் திரையிலேயே கணக்கைத் தேடித் தொட்டு, நிரப்பும்போதே இணைத்துச் சேமித்துவிட வேண்டும். Bitwarden பயன்படுத்துபவர்கள் கணக்கைத் திருத்திக் கையாலும் சேர்க்கலாம்:

```
androidapp://org.wikipedia
```

பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிய ஆப்தானா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஆசிரியை ஒரு தடவை செய்தார். அடுத்த முறை கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டுக்கு மேலேயே அவர் பெயர் நின்றது.

அழுத்திப் பிடித்தும் Autofill வராத ஆப்களும் உண்டு. விளையாட்டுகள் சில, கட்டத்தைக் கட்டமாக வைக்காமல் படமாக வரைந்துவிடுகின்றன. நிரப்ப அங்கே எதுவும் இல்லை.

அப்போதுதான் பலர் அக்சஸிபிலிட்டி சேவையைத் தேடிப் போகிறார்கள். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வருவதற்கு முன் மேனேஜர்களுக்கு இருந்த வழி அதுதான். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிகளுக்காக வந்த அனுமதி அது. அதைப் பெற்ற ஆப், மற்ற ஆப்களின் திரையில் இருப்பதைப் படிக்கலாம், பயனருக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தலாம். திருட்டு ஆப்கள் முதலில் கேட்பதும் இதையே. வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பிலிருந்து நிறுவிய ஆப் என்றால், ஆண்ட்ராய்டு 13 முதல் இந்த அனுமதி எளிதில் கிடைக்காது. ஆப் விவரப் பக்கத்தில் Allow restricted settings என்பதைத் தனியாகத் தொட்டாக வேண்டும். யாராவது தொலைபேசியில் அதைத் தொடச் சொன்னால் போனை வைத்துவிடலாம்.

பழைய போனில் வேறு வழியில்லாமல் இதைப் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே பின்னணியில் அந்தச் சேவையை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஆன் என்றே காட்டும், வேலை நடக்காது. அணைத்து மறுபடி போட்டால் உயிர் வருகிறது என்றால் காரணம் அதுதான். மேனேஜரைப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். சில வங்கி ஆப்கள், அக்சஸிபிலிட்டி அனுமதி பெற்ற வேறு ஆப் போனில் இருப்பதைக் கண்டால் திறக்கவே மறுக்கும். பஸ் டிக்கெட்டுக்காகப் போட்ட அனுமதி, மாலையில் பணம் அனுப்பும்போது குறுக்கே வந்து நிற்கும்.