ஐ.எஸ்.ஐ முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? போட்டோவிலேயே போலியைக் கண்டுபிடிக்கலாம்!

புது வீட்டில் நாளை ஒயர் இழுக்க வேண்டும். "இந்தக் காயில் மலிவா கிடைக்குது, ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருக்கு, வாங்கிடலாமா?" என்று எலெக்ட்ரீஷியன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார். சுவருக்குள் போய்விட்டால் ஒயரை மாற்றுவது பெரும்பாடு. தரமற்ற ஒயர் என்றால் லோடு ஏறும்போது சூடாகி, தீ விபத்து வரை கொண்டுபோய் விடலாம். அதனால் சரி என்று சொல்வதற்கு முன் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முத்திரையின் மேலும் கீழும்

ஐ.எஸ்.ஐ முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள எண்களைத்தான். முத்திரைக்கு மேலே இருப்பது எந்தத் தரத்தின்படி தயாரானது என்பதைச் சொல்லும் எண். வீட்டு பி.வி.சி ஒயருக்கு IS 694, ஸ்விட்சுக்கு IS 3854, பிளக், சாக்கெட்டுக்கு IS 1293. முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்குவது உரிம எண். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த முத்திரையை நம்ப வேண்டாம்.

எண் நிஜம், பொருள் போலி

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில், Verify Licence Details பகுதியில் CM/L எண்ணை அடித்தால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பது தெரியும்.

எலெக்ட்ரீஷியன் அனுப்பிய போட்டோவில் IS 694 இருக்கிறது. எண்ணை அடித்தால் செயலியில் ஒரு நிறுவனம் வருகிறது. அதோடு நிம்மதியடைந்துவிடக் கூடாது. அங்கே காட்டும் தரம் IS 1293 என்றால், அது பிளக் தயாரிக்கும் யாரோ ஒருவரின் எண். ஒயர் அட்டையில் திருடி ஒட்டப்பட்டிருக்கிறது. உரிமம் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலைக்கும் குறிப்பிட்ட தரத்துக்கும்தான் தரப்படுகிறது. எனவே அட்டையில் 'தயாரிப்பு' என்று அச்சாகியிருக்கும் முகவரி, செயலி காட்டும் முகவரியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்பனை அலுவலக முகவரி வேறாக இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒயரின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதும் அவசியம்.

எல்.இ.டி பல்புக்கு வேறு கணக்கு

எல்.இ.டி பல்பு கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகிறது. அதில் CM/L இருக்காது. IS 16102 என்ற எண்ணும், R- என்று தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும்தான் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க அதே செயலியில் தனிப் பகுதி உண்டு. எல்.இ.டி பல்பில் CM/L எண் அச்சாகியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

போட்டோ எடுப்பது எப்படி?

அட்டையை மட்டும் எடுத்தால் போதாது. பொருளையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சில் எழுத்துகள் பின்பக்கம் அதே நிறத்தில் புடைத்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தெளியும்.

இதற்கும் எல்லை உண்டு. அதே பொருளின் உண்மையான எண்ணையும் முகவரியையும் அப்படியே நகலெடுத்திருந்தால் செயலி அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட கடையில், பில்லோடு வாங்குங்கள். எண் பொருந்தாவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் போட்டோவையும் பில்லையும் பத்திரப்படுத்தி, அதே செயலியில் புகார் செய்யலாம்.